சாமி இறங்கும் நேரம்: கொடை விழாவில் அருள் வருதலும் வாக்குச் சொல்லுதலும்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஊர்த் தெய்வத்துக்கு எடுக்கும் விழாவைக் கொடை என்பார்கள். முதன்முறையாகக் கொடை பார்க்கப் போகிறவர் நள்ளிரவில் காணும் காட்சி அவரைத் திகைக்க வைக்கும். அதுவரை ஓரமாக நின்று விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர், மேளம் வேகமெடுத்ததும் உடல் குலுங்கி, கண் செருகி, கையில் வல்லயம் என்னும் ஈட்டியை வாங்கி ஆடத் தொடங்குவார். அவரைவிட மூத்த பெண்கள் அவர் முன் கைகூப்பி நிற்பார்கள். அவர் திருநீறு பூசி ஏதோ சொல்வார், அவர்கள் அழுவார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, இது உண்மையா நடிப்பா என்பதாகவே இருக்கும்.

ஊர்க்காரர்கள் அந்தக் கேள்வியை அந்த வடிவத்தில் கேட்பதில்லை. அவர்களுக்கும் ஐயங்கள் உண்டு; சில வேளைகளில் வெளியாருக்கு இருப்பதைவிடக் கூடுதலாகவே உண்டு. ஆனால் அவர்கள் கேட்பது, வந்திருப்பது எந்தச் சாமி, வர வேண்டிய ஆளிடம்தான் வந்திருக்கிறதா, சொன்ன சொல் சாமியின் சொல்லா அல்லது ஆடுகிறவரின் சொந்தச் சொல்லா என்பவை. இந்த மூன்று கேள்விகளையும் அவர்கள் எப்படிக் கேட்டு எப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டால், சாமியாடுதல் என்பது என்ன என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும். ஆய்வாளர்களின் விளக்கங்களையும் அதன் பிறகு எடுத்துக்கொள்வதே நல்லது. முதலிலேயே அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் கண்முன் நடப்பது தெரியாமல் போய்விடும்.

முதலில் சில சொற்கள். சாமி யார்மீது இறங்குகிறதோ அவர் சாமியாடி. நெல்லைப் பக்கத்தில் சாமிகொண்டாடி என்றும், தெற்கே போகப் போகக் கோமரத்தாடி என்றும் சொல்வார்கள். மதுரைப் பக்கத்துக் கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொல்பவர். பூசாரி இவர்களிலிருந்து வேறானவர். அவர் சாமிக்குப் பூசை செய்பவர், சாமியாடியோ பூசையை ஏற்றுக்கொள்ளும் சாமியாகவே சிறிது நேரம் நிற்பவர். சில கோயில்களில் இரண்டு வேலையும் ஒருவரிடமே இருக்கும். சாமி வருவதற்கு அருள் வருதல் என்று பெயர். ஆவியோ பேயோ வந்து பற்றிக்கொள்வது பிடித்தல். இந்த இரு வினைச்சொற்களும் மாறவே மாறா. சாமி ‘வரும்’, ‘இறங்கும்’; பேய் ‘பிடிக்கும்’. முன்னது விரதமிருந்து வேண்டி அழைப்பது, பின்னது விரட்டப்பட வேண்டியது. ஆடும் உடலைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். வேறுபாடு உடலில் இல்லை, யார் வந்திருக்கிறார் என்ற தீர்மானத்தில் இருக்கிறது.

இந்த வழக்கம் தமிழில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில், எயினர் குடியைச் சேர்ந்த சாலினி என்பவள் தெய்வமுற்று ஆடுகிறாள். அவள் முதலில் சொல்வது ஒரு குறை: ஆநிரை கவர்வதை மறந்து நீங்கள் அடங்கிக் கிடக்கிறீர்கள், கொற்றவைக்குச் செலுத்த வேண்டிய கடனைச் செலுத்தாமல் அவள் உங்கள் வில்லுக்கு வெற்றி தரமாட்டாள் என்கிறாள். பிறகு அங்கே வழிநடைக் களைப்பில் அமர்ந்திருக்கும் கண்ணகியைக் காட்டி, இவள் கொங்கச் செல்வி, குடமலையாட்டி, தென்தமிழ்ப் பாவை என்று புகழ்கிறாள். அதைக் கேட்ட கண்ணகி, மூதறிவாட்டி ஏதோ மயக்கத்தில் பேசுகிறாள் என்று நாணி, கணவன் முதுகுக்குப் பின்னே ஒதுங்கிப் புன்முறுவல் பூக்கிறாள். வாக்குச் சொல்கிறவளும், அதை நம்பும் ஊரும், நம்பாமல் சிரிக்கும் வெளியூர்க்காரியும் ஒரே காட்சியில் நிற்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். சாமி முதலில் தன் குறையைச் சொல்லிவிட்டுத்தான் பிறருக்கு வாக்குச் சொல்லும் என்ற வரிசையும் இன்றைய கொடைகளில் அப்படியே இருக்கிறது.

இனி ஒரு கொடையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். சுடலைமாடன் கோயில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் முறை மாறும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பரவலாகக் காணப்படும் ஒழுங்கை மட்டும் சொல்கிறேன்.

கொடைக்குச் சில நாட்களுக்கு முன்பு கோயிலில் கால்நாட்டுவார்கள். பல ஊர்களில் அது எட்டு நாட்களுக்கு முன்பு நடக்கும். அன்றிலிருந்து சாமியாடி விரதத்தில் இருப்பார். புலால் இல்லை, மது இல்லை, மனைவியுடன் சேர்வதில்லை, சாவு வீட்டுக்குப் போவதில்லை. பலர் ஒரு வேளைதான் உண்பார்கள், கோயிலிலேயே படுத்துக்கொள்வார்கள். காப்புக் கட்டிக்கொண்ட பிறகு அவரைப் பெயர் சொல்லி அழைக்க ஊரார் தயங்குவார்கள். அதாவது, மேளச் சத்தம் கேட்பதற்குப் பல நாட்களுக்கு முன்பே அவர் தம் அன்றாட வாழ்விலிருந்து படிப்படியாக விலக்கி வைக்கப்படுகிறார். கொடை நாள் பெரும்பாலும் செவ்வாயாகவோ வெள்ளியாகவோ இருக்கும். முந்தின நாள் இரவு, சாமியைக் கொடைக்கு அழைக்கும் குடியழைப்பு நடக்கும். மறுநாள் மதியம் ஒரு பூசை, நள்ளிரவில் பெரிய பூசை என்று விழா விரியும். சாமியாடி இந்த இரண்டு இரவுகளிலும் அநேகமாகத் தூங்குவதில்லை.

கோயிலுக்கு எதிரே வில்லுப்பாட்டுக் குழு உட்கார்ந்திருக்கும். புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிக் கதையைத் தொடங்குவார். உடுக்கையும் குடமும் தாளமும் கூடவே வரும். சுடலைக்குப் பல ஊர்களில் மகுடம் என்னும் தோல்கருவியோடு கணியான் கூத்தும் வைப்பார்கள். கதை தொடக்கத்தில் நிதானமாகவே போகும். கயிலாயத்தில் பிள்ளை வரம் கேட்ட பார்வதி, விளக்கின் சுடர் தெறித்து விழும்போது முந்தியை ஏந்தியதும், அந்தச் சுடர் பிள்ளையானதும், பிள்ளை நள்ளிரவில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றதும், அதனால் கயிலாயத்தில் இருக்க முடியாமல் பூமிக்கு அனுப்பப்பட்டதும் பாடப்படும். இந்த நேரத்தில் கூட்டம் வரும், போகும். குழந்தைகள் உறங்கிவிடும். சாமியாடி ஒரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாமியின் பீடத்துக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பார்.

பிறகு புலவர் வரத்துப் பாடத் தொடங்குவார். வரத்து என்பது சாமியை வரவழைக்கும் பாட்டு. அதுவரை ‘அவன் போனான், அவன் செய்தான்’ என்று படர்க்கையில் சென்ற கதை, வரத்தில் ‘வா, நீ வா’ என்று முன்னிலைக்கு மாறும். தாளம் இரட்டிக்கும். மேளக்காரர்கள் எழுந்து சாமியாடிக்கு அருகில் வந்து நிற்பார்கள். பெண்கள் குலவையிடுவார்கள். பூசாரி தீபாராதனை காட்டுவார். இந்தக் கட்டத்தில் சாமியாடியின் முகத்தைக் கவனித்தால், முதலில் தெரிவது பெரிய நடுக்கம் அல்ல, கொட்டாவி. அடுத்தடுத்து நான்கைந்து கொட்டாவி வரும். பழகியவர்கள் அதைப் பார்த்ததும் பக்கத்திலிருக்கும் பிள்ளைகளை விலக்கி இடம் விடுவார்கள். பிறகு மூச்சு வேகமாகும், தோளில் ஓர் உதறல் ஓடும், கால் தரையில் நிற்காமல் மாறி மாறி எழும், தொண்டையிலிருந்து ஓர் ஓசை கிளம்பும். இரண்டு பேர் அவரைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பார்கள். அவர் ஆட்டம் ஓர் ஒழுங்குக்கு வந்ததும் சல்லடமும் கச்சையும் கட்டி, தலையில் குல்லாய் வைத்து, கையில் வல்லயத்தைக் கொடுப்பார்கள். தென்னம்பாளையையோ கமுகம்பூவையோ அவரே எடுத்து முகத்தில் அடித்துக்கொள்வார். இப்போது சாமி வந்துவிட்டது.

இந்த வரவில் எத்தனை பேரின் வேலை இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சாமியாடி ஒருவர்தான் ஆடுகிறார். ஆனால் புலவர், மேளக்காரர், குலவையிடும் பெண்கள், தாங்கிப் பிடிப்பவர், சல்லடம் கட்டுபவர் ஆகிய எல்லாரும் தத்தம் பங்கைச் செய்தால்தான் அது நடக்கிறது. பக்தர்களும் இதை இப்படியே சொல்வார்கள். சாமி வரத் தாமதித்தால் அவர்கள் சாமியாடியை மட்டும் குறை சொல்வதில்லை. பாட்டு சரியில்லை என்பார்கள், கொடைக்கு வரி கொடுக்காத குடும்பம் ஏதோ இருக்கிறது என்பார்கள், தீட்டோடு யாரோ கோயிலுக்குள் வந்துவிட்டார்கள் என்பார்கள். புலவர் மறுபடியும் வரத்தின் தொடக்கத்துக்குப் போவார்.

வந்த சாமி உடனே வாக்குச் சொல்லாது. முதலில் கோயிலைச் சுற்றி ஆடும், பூசையை ஏற்கும். சுடலையாக இருந்தால் நள்ளிரவில் தீப்பந்தத்தோடு மயானத்துக்கு வேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பும். அந்த நேரத்தில் ஊரார் பலர் எதிரே வரமாட்டார்கள். அதற்கு முன்போ பின்போ, ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் வந்து சாமியிடம் பேச்சுக் கொடுப்பார். நான் மேலே சொன்ன மூன்று கேள்விகளும் இங்கேதான் கேட்கப்படுகின்றன. எங்கிருந்து வருகிறாய், யாராக வந்திருக்கிறாய், கொடையில் உனக்கு மனநிறைவா, குறை ஏதும் உண்டா என்று கேட்பார். சாமி தன் பெயரையும் இருப்பிடத்தையும் சொல்ல வேண்டும். சில கோயில்களில் இதோடு விடுவதில்லை; ஓர் எலுமிச்சம்பழத்தையோ மாலையையோ ஒளித்து வைத்து, எடுத்துக்கொண்டு வா என்பார்கள். வேறு சில இடங்களில் எரியும் சூடத்தை நாக்கில் ஏற்பதும், பந்தத்தை உடம்பில் தடவுவதும் அடையாளமாகக் கொள்ளப்படும். நம்பிக்கை உள்ள கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கிறது என்று நினைக்கிறவர்கள், இந்தச் சோதனைகளைக் கேள்விப்படாதவர்களாகவே இருக்க வேண்டும்.

இப்போது வாக்கு. ஒரு மூதாட்டி முன்னால் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாமியாடிக்கு அவர் பெரியம்மை முறை. பகலில் அவரைப் பார்த்தால் சாமியாடிதான் எழுந்து நிற்பார். இப்போது பேச்சு தலைகீழாக மாறியிருக்கும். சாமி அவரை ‘மகளே’ என்கிறது. அவர் சாமியை ‘ஐயா’ என்கிறார், ஆனால் அதே மூச்சில் ‘நீதான் பார்க்கணும்’ என்று ஒருமையில் பேசுகிறார். தெய்வத்தோடு பேசும் நெருக்கம் அது.

‘நீ எதுக்கு வந்து நிக்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்? ஒரு பிள்ளையை நெனச்சு மனசு வாடிப்போய் நிக்க.’

‘ஆமா ஐயா.’

‘தூரத்துல இருக்கு அது.’

‘ஆமா ஐயா, போன் கூடப் பண்ண மாட்டேங்கான்.’

‘என் எல்லையை மிதிக்காம அவனுக்கு வழி தொறக்காது. மூணு வெள்ளிக்கு எனக்கு வெளக்குப் போடு. அடுத்த கொடைக்குள்ள அவன இங்க கொண்டாந்து நிறுத்துறேன். நிறுத்துனா எனக்கு என்ன தருவ?’

‘கெடா வெட்டிப் பொங்கல் வைக்கேன் ஐயா.’

திருநீறு நெற்றியில் பூசப்படுகிறது. அந்த அம்மாள் விலகி நிற்கிறார், அடுத்தவர் வருகிறார்.

இந்தச் சிறிய உரையாடலைப் பிரித்துப் பார்க்கலாம். வாக்கு மிகப் பொதுவான ஒரு சொல்லோடு தொடங்குகிறது. வயதான பெண்ணுக்கு ஏதோ ஒரு பிள்ளையைப் பற்றிய கவலை இருப்பது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. ‘தூரத்தில்’ என்ற சொல் ஊரையும் குறிக்கலாம், மன விலக்கத்தையும் குறிக்கலாம். மகன் பேசுவதில்லை என்ற செய்தியைச் சொன்னது சாமி அல்ல, அந்த அம்மாளே. மேலும் சாமியாடி அதே ஊர்க்காரர். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். முன்னறிவிப்பும் வெறுமனே சொல்லப்படுவதில்லை. விளக்குப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடும், அடுத்த கொடை என்ற கெடுவோடும் சேர்ந்தே வருகிறது. மகன் வராவிட்டால், விளக்கு மூன்று வெள்ளிக்கும் எரிந்ததா என்ற கேள்வி எழும். வெளியிலிருந்து பார்க்கிறவர் இந்த இடத்தில் தந்திரம் பிடிபட்டுவிட்டது என்று நினைப்பார்.

அவர் கண்டது தவறல்ல. ஆனால் அந்த அம்மாளுக்கு அங்கே என்ன கிடைத்தது என்பதை அது சொல்லாது. வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒரு வருத்தத்தை அவர் ஊர் நடுவே சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டு நின்றவர்களில் மகனின் கூட்டாளி இருக்கலாம், மருமகளின் உறவினர் இருக்கலாம். ‘சாமி உன்னை வரச் சொல்லிவிட்டது’ என்ற செய்தி இன்னும் சில நாட்களில் எப்படியும் மகன் காதுக்குப் போகும். அம்மா கூப்பிட்டால் மறுக்கிறவன் சாமி கூப்பிட்டால் கொடைக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு. வாக்கின் வேலை எதிர்காலத்தைக் கண்டு சொல்வதைவிட, இப்படி ஒரு கடமையை ஊரறியக் கட்டிவிடுவதில் இருக்கிறது என்பது என் கருத்து. பக்தர்களிடம் இதைச் சொன்னால் மறுக்கமாட்டார்கள். சாமி வேறு எப்படி வேலை செய்யும் என்று கேட்பார்கள்.

பங்காளித் தகராறுகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். இரண்டு பங்குக்காரர்கள் வரி கொடுப்பதில் முரண்பட்டுக் கொடையே நின்றுபோயிருந்தால், மறுபடி எடுக்கும் கொடையில் சாமி அதைச் சொல்லாமல் விடாது. பெயரைச் சொல்லி இரு தரப்பையும் முன்னால் கூப்பிட்டு நிறுத்தும். இங்கேதான் மூன்றாவது கேள்வி கூர்மையாகிறது. சாமியாடியும் ஒரு பங்கைச் சேர்ந்தவர். தீர்ப்பு அவர் பங்குக்குச் சாதகமாக இருந்துவிட்டால், எதிர்த்தரப்பு சாமியை மறுக்காது. ‘சாமி நல்ல சாமிதான், அவன் தன் பேச்சையும் சேர்த்துப் பேசுகிறான்’ என்று சொல்லும். சாமியின் மீதுள்ள நம்பிக்கை குலையாமலே சாமியாடியை ஐயப்பட இடம் தரும் ஏற்பாடு இது. மது வாடை அடித்தாலும், பெயர் கேட்டபோது தடுமாறினாலும், ஒரே சாமி ஒரே நேரத்தில் இரண்டு பேர்மீது வந்துவிட்டதாக இருவரும் ஆடினாலும், ஊர் இதே வழியில்தான் தீர்த்துக்கொள்ளும். உரிய வழியில் வராதவருக்குத் திருநீறு பூசி உட்கார வைத்துவிடுவார்கள். ‘சும்மா ஆடுறான்’ என்ற சொல் கொடைப் பந்தலில் தாராளமாகப் புழங்குவதுதான்.

வாக்கு முடிந்ததும் சாமி மலையேறும். சாமியாடி பீடத்தின் முன் விழுவார், அல்லது தாங்கிப் பிடிப்பவர்கள் மேல் சாய்வார். தண்ணீர் தெளித்துத் திருநீறு பூசுவார்கள். சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். என்ன சொன்னேன் என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்பவரும் உண்டு. எதுவும் கேட்காமல் போய்ப் படுத்துவிடுபவரும் உண்டு.

ஆய்வாளர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? எளிதில் மனத்தில் தோன்றும் விளக்கம், மேளச் சத்தம் மூளையைப் பாதித்து இந்த நிலையை உண்டாக்குகிறது என்பது. 1960-களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ நெஹர் என்பவர், தோல்கருவிகளின் சீரான தாளம் மூளை அலைகளைத் தன் போக்குக்கு இழுக்கிறது என்று ஆய்வகச் சோதனைகளின் அடிப்படையில் எழுதினார். பிரெஞ்சு இசை ஆய்வாளர் ஜில்பேர் ரூஜே 1980-இல் இதை மறுத்தார். தாளம் தானாகவே அப்படிச் செய்யுமானால் ஆப்பிரிக்காவில் பாதிப்பேர் ஆண்டு முழுதும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கேலியாகச் சொன்ன மறுப்பு. நம் கொடைப் பந்தலிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். மேளத்துக்கு மிக அருகில் மணிக்கணக்கில் இருப்பவர் மேளக்காரர். அவருக்குச் சாமி வருவதில்லை. வில்லுப்பாட்டுப் புலவருக்கும் வருவதில்லை. சுடலைக்கு வரத்துப் பாடும்போது சுடலையின் சாமியாடி ஆடுவார், பக்கத்தில் நிற்கும் இசக்கியம்மன் சாமியாடி பெரும்பாலும் தன் முறை வரும்வரை அமைதியாக நிற்பார். ஆகவே மேளம் ஒரு அழைப்பு. அந்த அழைப்பு யாருக்கு என்பதை அறிந்தவர் உடம்புதான் அதற்கு விடை சொல்கிறது. விரதம், தூக்கமின்மை, விரைந்த மூச்சு ஆகியவை அந்த விடையை எளிதாக்குகின்றன, அவ்வளவே.

கன்னியாகுமரிப் பகுதி வில்லுப்பாட்டை நேரில் இருந்து ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இன்னொன்றைக் கவனித்தார். தென்மாவட்டத் தெய்வங்களில் பலர் கொலையுண்டோ தற்கொலை செய்துகொண்டோ இறந்து தெய்வமான மனிதர்கள். அவர்கள் கதையைப் பாடும்போது, சாவு நிகழும் இடத்தை ஒட்டியே சாமியாட்டம் மிகுதியாகிறது என்றார். கேட்பவர்கள் அனைவருக்கும் தெரிந்த கதை அது, முடிவும் தெரியும். செத்தவர் மீண்டும் எழுந்து நிற்பதைக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாமியாடி எழுந்து ஆடுகிறார். பாட்டையும் ஆட்டத்தையும் தனித்தனியே எடுத்துப் பேசினால் இது புலப்படாது.

சமூக நோக்கிலான விளக்கத்துக்குப் பெயர் பெற்றவர் மானிடவியலாளர் ஐ. எம். லூயிஸ். பேச இடமில்லாதவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஆவியின் பெயரால் தங்கள் குறையைப் பேசுகிறார்கள் என்று அவர் 1971-இல் வாதிட்டார். கூட்டத்தில் திடீரென்று அருள் வந்து மாமியாரையும் கணவனையும் வைது தீர்க்கும் பெண்ணைப் பார்த்தவர்களுக்கு இது சரியாகவே படும். ஆனால் கொடையின் முறைச் சாமியாடிகள் பெரும்பாலும் ஆண்கள், ஊரில் உரிமை பெற்றவர்கள், தந்தை வழியில் அந்தப் பொறுப்பை ஏற்றவர்கள். ஊரின் நடுவில் அதிகாரத்தோடு நிகழும் அருளும், ஓரத்தில் அழையாமல் வரும் ஆவியும் வெவ்வேறு என்று லூயிஸே பிரித்துக் காட்டியிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலரும் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

சாமியாடிக்கு அந்த நேரத்தில் நினைவு இருக்கிறதா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. முழு நினைவு, முழு மறதி என்ற இரண்டே பெட்டிகளில் இதைப் போட முடியாது. அரிவாளைச் சுழற்றி ஆடும்போதும் அவர் படுத்துறங்கும் குழந்தைகளை மிதிப்பதில்லை. பூசை வரிசை அவருக்குத் தவறுவதில்லை. இருந்தும் பிறகு கேட்டால் பலருக்கு விட்டுவிட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. உடம்பு தானாக ஆடுவது தெரிந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை என்பது பலரும் சொல்லும் விடை. இது நடிப்பும் அல்ல, மயக்கமும் அல்ல. பிள்ளைப் பருவத்திலிருந்து தந்தையும் சிற்றப்பனும் ஆடியதைப் பார்த்துப் பார்த்து உடம்பில் ஊறிய ஒன்று, உரிய நேரத்தில் அவர் முயற்சியின்றி நிகழ்கிறது என்று சொல்வதே எனக்குச் சரியெனப்படுகிறது. பக்தர் அதையே வேறு சொல்லில், சாமி அவரைத் தேர்ந்தெடுத்துப் பழக்கி வைத்திருக்கிறது என்பார்.

மருத்துவம் இதை நோயென்று சொல்கிறதா என்றால், இல்லை. 2022 முதல் நடப்பிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில், ஆவேச நிலை தொடர்பான ஒரு கோளாறு இடம்பெற்றிருக்கிறது. ஆனால் சமய, பண்பாட்டு வழக்கமாக ஏற்கப்பட்ட நிகழ்வுகள் அதில் சேரா என்று அங்கேயே விலக்கு உண்டு. விருப்பமின்றி வந்து, துன்பம் தந்து, அன்றாட வாழ்வைக் குலைத்தால்தான் அது கோளாறு. ஊராரின் அளவுகோலும் இதற்கு மிக நெருக்கமானது. அழைத்தபோது வந்து, பூசை முடிந்ததும் மலையேறினால் அது சாமி. வீட்டில் நடு இரவில் வந்து, வேலைக்குப் போக விடாமல், உண்ண விடாமல், தன்னையோ பிறரையோ காயப்படுத்த வைத்தால் அது வேறு. கோயிலில் விழுந்தவர் பல்லைக் கடித்து, கைகால் விறைத்து, நாக்கைக் கடித்து, சிறுநீர் போய், எழுந்த பின்னும் நெடுநேரம் ஆள் தெரியாமல் விழித்தால் அது வலிப்பாக இருக்கலாம். குலவை இட்டுக்கொண்டு நிற்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வலிப்பு வந்த பிள்ளைக்குச் சாமி வந்திருக்கிறது என்று வீட்டார் ஆண்டுக்கணக்கில் மருந்தின்றி விட்டுவிடுவதுதான் இதில் நேரும் பெரிய தீங்கு. அதற்கு அடுத்தது, பேய் என்று முடிவுகட்டி அடித்து விரட்டுவது.

சாமியாடி இறந்துபோனால் என்ன ஆகும்? மகனுக்கே சாமி வரும் என்ற உறுதி கிடையாது. பங்காளிகளில் யார்மீதும் வரலாம், சில ஆண்டுகள் யார்மீதும் வராமலும் போகலாம். அப்படிப்பட்ட கொடையில் சல்லடத்தையும் கச்சையையும் வல்லயத்தையும் பீடத்தின் முன் வைத்துவிடுவார்கள். புலவர் வழக்கம்போல வரத்துப் பாடுவார். மேளக்காரர்கள் எழுந்து, வெற்றிடத்தைச் சுற்றி நின்று அடிப்பார்கள். அப்போது பெரியவர்கள் பீடத்தைப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் நிற்கும் பங்காளி வீட்டு இளைஞர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, எவன் கொட்டாவி விடுகிறான் என்று காத்திருப்பார்கள்.